ஈஆர்பி மேம்படுத்தும் வார இறுதி: ஊழியர்களுக்கு என்ன அறிவிப்பது, கணினி இல்லாதபோது எப்படி வேலை பார்ப்பது

ஆர்டர், ஸ்டாக், பில் எல்லாம் ஓடும் ஈஆர்பி கணினியைப் புதிய பதிப்புக்கு மாற்ற ஐடி பிரிவு மாதக்கணக்கில் தயாராகிறது. ஊழியர்களுக்குப் போகும் அறிவிப்போ பெரும்பாலும் இரண்டே வரி: "வார இறுதியில் ஈஆர்பி இயங்காது. சிரமத்துக்கு வருந்துகிறோம்." இதைப் படித்த கிடங்கு சூப்பர்வைசருக்கு, சனிக்கிழமை காலை தேக்காவுக்குப் போகவேண்டிய லாரியில் சரக்கு ஏற்றலாமா என்பது தெரியாது. விற்பனையாளருக்கு, வாடிக்கையாளர் போன் செய்தால் ஸ்டாக் இருக்கிறதா என்று எதைப் பார்த்துச் சொல்வது என்பது தெரியாது. ஆளுக்கொரு வழியில் சமாளிப்பார்கள். அதன் விளைவு திங்கட்கிழமை தெரியும்.

இந்த வழிகாட்டி சிங்கப்பூரில் மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தை மனத்தில் வைத்து எழுதியது. ஜூரோங்கில் கிடங்கு. சிராங்கூன் சாலை, தேக்கா பக்கத்துக் கடைகளும் சில பேரங்காடிகளும் வாடிக்கையாளர்கள். லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம் என்பதால், வார இறுதியில் கிடங்கை முழுக்க மூடிவிட முடியாது. சரக்கு போய்க்கொண்டுதான் இருக்கும், காகிதத்தில்.

இந்த வேலையில் ஆபத்து வார இறுதியில் இல்லை, திங்கட்கிழமை காலையின் முதல் மூன்று மணி நேரத்தில் இருக்கிறது. காகிதத்தில் வெளியே போன சரக்கு கணினிக்குத் தெரிவதற்கு முன்பே, அதே சரக்கைக் கணினி இன்னொருவருக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டுவிடும். அறிவிப்பில் உள்ள ஒவ்வொரு வரியும் இதைத் தடுக்கவே எழுதப்படவேண்டும்.

எந்த வார இறுதி?

இதை முடிவு செய்வது நிர்வாகமும் ஐடியும்தான். ஆனாலும் கிடங்கும் கணக்குப் பிரிவும் வாய் திறந்து சொல்லவேண்டிய இடம் இது. மாதக் கடைசி வேண்டாம். ஜிஎஸ்டி காலாண்டு முடியும் வாரமும் வேண்டாம். சம்பளமும் அதே கணினியில் ஓடுகிறது என்றால், சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் போகவேண்டும், மத்திய சேமநிதிச் சந்தாவை அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் கட்டியாகவேண்டும். அந்த இரண்டு தேதிகளையும் ஒட்டி வைக்காதீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாதத்தின் மூன்றாவது வார இறுதி பெரும்பாலும் சரியாக வரும்.

அறிவிப்பு யாருக்கு, எப்போது, எந்த மொழியில்

மூன்று தடவை அனுப்புங்கள்: இரண்டு வாரம் முன்பு, வாரத்தின் தொடக்கத்தில், வெள்ளிக்கிழமை காலையில். முதலாவது, விற்பனையாளர்கள் வாடிக்கையாளர்களிடம் சொல்லி வார இறுதி ஆர்டரை முன்கூட்டியே வாங்குவதற்கு. இரண்டாவதில்தான் முழு விவரம். மூன்றாவதில் நேரங்களும் தொலைபேசி எண்ணும் மட்டும் போதும்.

அலுவலகத்தாருக்கு மின்னஞ்சல் சரி. கிடங்கில் சரக்கு எடுப்பவர்களில் பலர் மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. அவர்களுக்கு ஏற்றுமிடத்துச் சுவரில் ஒட்டிய தாளும், காலை வேலை தொடங்கும்முன் சூப்பர்வைசர் வாய்விட்டுப் படித்துக் காட்டுவதும்தான் அறிவிப்பு. தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகளுக்குத் தமிழிலும், வங்காளதேசத்துத் தோழர்களுக்கு வங்காளத்திலும் ஒரு பக்கம் இருக்கட்டும். லாரி ஓட்டுநர்களுக்கான தாளில் "ஈஆர்பி இயங்காது" என்று மொட்டையாகப் போடாதீர்கள், இங்கே சாலைக் கட்டண முறைக்கும் ஈஆர்பி என்றுதான் பெயர், சாலைக் கட்டணம் கிடையாது என்று யாராவது கேலி பேசுவார்கள். சரக்கோடு போகும் டெலிவரி ஆர்டர் சீட்டைத்தான் டிஓ என்கிறோம், அதனால் "டிஓ அடிக்கும் கணினி இயங்காது" என்றால் எல்லாருக்கும் புரியும்.

நேரத்தைக் குறிப்பிடும்போது "சிங்கப்பூர் நேரம்" என்று சேர்த்துவிடுங்கள். மேம்படுத்தும் குழு சென்னையில் இருந்தால் இரண்டரை மணி நேர வித்தியாசம் உண்டு. அவர்கள் "ஆறு மணிக்கு மூடுகிறோம்" என்று எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டினால், இங்கே எட்டரைக்கு மூடப்போகும் கணினிக்காக எல்லாரும் ஆறுக்கே வேலையை நிறுத்திவிடுவார்கள். திங்கட்கிழமை திறக்கும் நேரத்தில் இதே குழப்பம் வந்தால் இன்னும் மோசம்.

கீழே உள்ளது முழு அறிவிப்பின் மாதிரி. உங்கள் இடத்துக்கு ஏற்ப நேரங்களை மாற்றிக்கொள்ளலாம்.

> கிடங்கு, விற்பனை, கணக்குப் பிரிவு ஊழியர்களுக்கு
>
> கணினி மேம்பாட்டுக்காக வெள்ளிக்கிழமை மாலை 6 மணி முதல் திங்கட்கிழமை காலை 8 மணி வரை (சிங்கப்பூர் நேரம்) ஈஆர்பி இயங்காது. கையடக்க ஸ்கேனர்கள், இணைய ஆர்டர் பக்கம், பில் அச்சிடும் கணினி ஆகியவையும் இயங்காது. மின்னஞ்சல், தொலைபேசி, வாட்ஸ்அப் வழக்கம்போல் இருக்கும்.
>
> வெள்ளிக்கிழமை: புதிய ஆர்டர் பதிவு பிற்பகல் 3 மணியோடு முடியும். சரக்கு எடுப்பது 4.30க்கு முடியும். வந்த சரக்கின் பதிவு 5 மணியோடும் பில் போடுவது 5.30க்கும் முடியும். 6 மணிக்கு முன் எல்லாரும் வெளியேறிவிடவும்.
>
> சனி, ஞாயிறு: W என்று தொடங்கும் எண் அச்சிட்ட டிஓ புத்தகத்தை மட்டும் பயன்படுத்தவும். பழைய டிஓ புத்தகம், வெள்ளைத்தாள், வாட்ஸ்அப் குறிப்பு எதையும் வைத்துச் சரக்கு வெளியே போகக்கூடாது. ஸ்டாக் பற்றிய கேள்விகளுக்கு, ரேக்கில் தொங்கும் அட்டையைப் பார்த்துச் சூப்பர்வைசர் மட்டுமே பதில் சொல்வார்.
>
> திங்கட்கிழமை: கணினி திறந்திருந்தாலும், "பதிவு முடிந்தது" என்ற செய்தி வரும்வரை புதிய ஆர்டர் போடவேண்டாம். பிரிண்டரில் வரும் சரக்கு எடுப்புத் தாளில் W எண் இருந்தால் அந்தச் சரக்கை எடுக்கவேண்டாம். அது ஏற்கெனவே போய்விட்டது.
>
> சந்தேகம் இருந்தால் கிடங்கு மேசைத் தொலைபேசியில் கூப்பிடவும். சனி, ஞாயிறு காலை 7 முதல் மாலை 5 வரை ஆள் இருப்பார்.

ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டாம். ஏன் மேம்படுத்துகிறோம், புதிய பதிப்பில் என்னென்ன வசதி என்பதெல்லாம் இதில் வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள், படிக்க நேரம் உள்ளவர்கள் படிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை: நேரங்கள் ஏன் படிப்படியாக வருகின்றன

எல்லாவற்றையும் ஆறு மணிக்கே நிறுத்தினால் என்ன என்று விற்பனைப் பிரிவு கேட்கும். 5.55க்குப் போட்ட ஆர்டர் சரக்கு எடுக்கப்படாமல் நிற்கும். 5.50க்கு எடுத்த சரக்கு, "வெளியே போனது" என்று பதிவாகாமல் நிற்கும். இப்படிப் பாதியில் நிற்கும் ஆவணங்கள்தான் பதிப்பு மாறும்போது தலைவலி. சரக்கு ரேக்கிலிருந்து எடுத்தாகிவிட்டது, கணினியில் ஸ்டாக் குறையவில்லை, டிஓ அச்சாகவில்லை. புதிய பதிப்பில் அந்த ஆவணத்தைத் திறந்தால் ஒன்று பிழைச் செய்தி வரும், இல்லையென்றால் அதை மறுபடி எடுக்கச் சொல்லும்.

அதனால் ஆர்டர் முதலில், பிறகு எடுப்பு, அப்புறம் பில் என்று ஓடும் வரிசையிலேயே கதவுகளை மூடவேண்டும். வேலை சரியாக முடிந்ததா என்று பார்ப்பதும் சுலபம். 5.30க்குச் சூப்பர்வைசர் கணினியில் "எடுக்கத் தொடங்கி முடியாதவை" என்ற பட்டியலைத் திறக்கவேண்டும். அது காலியாக இருக்கவேண்டும். ஒரு வரி இருந்தாலும் அதை முடிக்கவும், முடியாது என்றால் ரத்து செய்து சரக்கை ரேக்கில் திருப்பி வைக்கவும். திங்கட்கிழமைக்கான ஆர்டர்கள் தொடப்படாமல் அப்படியே இருக்கலாம், பிரச்சினை இல்லை.

பட்டியல் காலியான பிறகுதான் ஸ்டாக் அறிக்கையை அச்சிடவேண்டும். முன்பே அச்சிட்டு வைத்துக்கொண்டால் அந்த எண்களுக்கு மதிப்பில்லை. அச்சிட்ட தாளில் நேரமும் கையெழுத்தும் இருக்கட்டும். அதே அறிக்கையைக் கோப்பாகவும் மடிக்கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் முகவரி, பொருட்களின் விலை விவரம், கடன் வரம்பைத் தாண்டியவர்களின் பெயர்கள் ஆகிய மூன்றையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். கடைசிப் பட்டியலைப் பலர் மறந்துவிடுவார்கள். கணினி இருந்தால் கடன் வரம்பைத் தாண்டியவருக்கு டிஓவே அடிக்காது. காகிதத்துக்கு அந்தப் புத்தி கிடையாது.

ரேக் அட்டை: ஒரு பொருளை எடுத்துப் பார்ப்போம்

உளுத்தம்பருப்பு, 25 கிலோ மூட்டை. வெள்ளிக்கிழமை 5.30 அறிக்கைப்படி கையில் 320 மூட்டை. அதில் 85 மூட்டை திங்கட்கிழமைக்கு ஏற்கெனவே ஆர்டரானது. மீதி 235.

இந்த 235ஐயும் வார இறுதிக்கு விட்டுவிடக்கூடாது. கணினியில் உள்ள எண்ணும் ரேக்கில் உள்ள எண்ணும் எப்போதுமே துல்லியமாக ஒத்துப்போவதில்லை. அதற்காக 35 மூட்டையை ஒதுக்கிவிட்டு, 200 என்று ஒரு அட்டையில் எழுதி உளுந்து ரேக்கில் கயிற்றில் தொங்கவிடுங்கள். அட்டையோடு ஒரு பேனாவும் கட்டப்பட்டிருக்கட்டும். சரக்கு எடுப்பவர் டிஓ எண், எடுத்த மூட்டை, மீதி ஆகிய மூன்றையும் எழுதிவிட்டுத்தான் மூட்டையைத் தூக்கவேண்டும். கணினி வருவதற்கு முன் கிடங்குகள் இப்படித்தான் ஓடின.

எல்லாப் பொருளுக்கும் அட்டை போட உட்கார்ந்தால் விடிந்துவிடும். வார இறுதியில் உண்மையில் நகரும் பொருட்களுக்கு மட்டும் போதும். முந்தைய சில வார இறுதிகளின் டிஓக்களைப் பார்த்தாலே பட்டியல் கிடைத்துவிடும். மற்ற பொருட்கள் வேண்டுமென்றால் திங்கட்கிழமை வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை மூன்று டிஓ எழுதப்பட்டன. W001க்கு 40 மூட்டை, W002க்கு 25, W003க்கு 30. அட்டையில் 200 என்பது 160, 135, 105 என்று இறங்கியது. W003 கடையில் 4 மூட்டை கிழிந்திருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஓட்டுநர் டிஓவில் 30ஐ ஒரு கோடு போட்டு அடித்து, 26 என்று எழுதி, கடைக்காரரின் கையெழுத்தும் கடை சாப்பும் வாங்கி வந்தார். இது சரியான முறை. "திங்கட்கிழமை சொல்லிவிடுகிறேன்" என்று டிஓவைத் திருத்தாமல் வந்தால், கடைக்காரர் 26க்குத்தான் பணம் தருவார், நம் கணக்கில் 30 நிற்கும்.

திரும்பி வந்த 4 மூட்டையை ரேக்கில் வைக்காதீர்கள், அட்டையிலும் கூட்டாதீர்கள். சேதமடைந்த சரக்கு மூலையில் W003 என்று சீட்டு ஒட்டி வையுங்கள்.

அதே சனிக்கிழமை ஒரு சப்ளையர் 60 மூட்டை உளுந்தைக் கொண்டுவந்து இறக்கினார். வந்த சரக்குக்கு வேறு புத்தகம், R என்று தொடங்கும் எண்கள். R001இல் சப்ளையரின் டிஓ எண், மூட்டை எண்ணிக்கை, லாட் எண், காலாவதித் தேதி எல்லாம் எழுதியாகவேண்டும். அந்த 60 மூட்டையைத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டிய கட்டத்துக்குள் வைத்து, வார இறுதி முழுக்கத் தொடாமல் விட்டுவிடுங்கள். அதை விற்றால் எந்த லாட் யாருக்குப் போனது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது. உணவுப் பொருளைத் திரும்பப் பெறவேண்டிய நிலை வந்தால் அதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை W004க்கு 50, W005க்கு 20. அட்டையில் மீதி 35. W006 எழுதிய பிறகு வாடிக்கையாளர் வேண்டாம் என்றார். அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல், எல்லாப் பிரதிகளிலும் குறுக்கே "ரத்து" என்று எழுதிப் புத்தகத்திலேயே விட்டுவிட்டார்கள். எண் காணாமல் போனால், அது ரத்தானதா, சரக்கோடு போய்த் தாள் தொலைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

காசும் ஜிஎஸ்டியும்

கைப்பட எழுதிய டிஓ, வரி விலைப்பட்டியல் எனப்படும் ஜிஎஸ்டி பில் ஆகாது. கடன் வாடிக்கையாளர்களைப் பொறுத்தவரை இதனால் ஒரு சங்கடமும் இல்லை. திங்கட்கிழமை கணினியில் விலைப்பட்டியல் போட்டால் போதும். பொதுவாக, பணம் வந்த நாள், விலைப்பட்டியல் போட்ட நாள் ஆகிய இரண்டில் எது முந்தியதோ அதுவே ஜிஎஸ்டி கணக்குக்கான நாள். வரி விலைப்பட்டியலை அதிலிருந்து 30 நாளுக்குள் கொடுத்தால் சரி.

ரொக்கம் கொடுத்து வாங்குபவர்களுக்கு மட்டும் அன்றைக்கே ஏதாவது கொடுக்கவேண்டும். வரியோடு சேர்த்து 1,000 வெள்ளிக்கு மேல் போகாத விற்பனைக்கு எளிய வரி விலைப்பட்டியல் கொடுக்க அனுமதி உண்டு. நிறுவனத்தின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி பதிவு எண், தேதி, வரிசை எண், என்ன பொருள், வரியுடன் மொத்தம், விலையில் ஜிஎஸ்டி அடங்கும் என்ற குறிப்பு ஆகியவை அதில் இருந்தால் போதும். இதற்காக அச்சிட்ட புத்தகம் ஒன்றை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். ஒருவர் 436 வெள்ளிக்கு வாங்கினால், 9 விழுக்காட்டு வரி என்பதால் 436ஐ 109ஆல் வகுத்து 9ஆல் பெருக்கினால் 36 வெள்ளி வரி, 400 வெள்ளி சரக்கு. 436இல் 9 விழுக்காடு என்று போட்டு 39.24 என எழுதுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. 1,000 வெள்ளிக்கு மேல் ரொக்க விற்பனை வந்தால், விவரத்தை எழுதிக்கொண்டு திங்கட்கிழமை முழு விலைப்பட்டியல் அனுப்புவதாகச் சொல்லுங்கள்.

பேநவ் வழியாக வார இறுதியிலும் பணம் வரும், வங்கிக்கு நம் மேம்பாட்டைப் பற்றிக் கவலை இல்லை. கணக்குப் பிரிவு திங்கட்கிழமை வங்கி அறிக்கையிலிருந்து மட்டும் வரவுகளைப் பதியட்டும். விற்பனையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஒரு தடவை, வங்கி அறிக்கையை வைத்து ஒரு தடவை என்று ஒரே பணம் இரண்டு முறை ஏறிவிடும்.

ஞாயிறு மாலை: கணினி திறந்தாலும் தொடாதீர்கள்

மேம்படுத்தும் குழு ஞாயிறு பிற்பகலில் சோதனை செய்யும். அப்போது சிலரின் கணக்குகளுக்கு உள்ளே போக வழி திறந்திருக்கும். சுறுசுறுப்பான ஒரு ஆள் எப்போதும் இருப்பார். "சரி, திறந்திருக்கிறதே, சனிக்கிழமை டிஓக்களை இப்பவே ஏற்றிவிட்டால் நாளைக்கு வேலை மிச்சம்" என்று உட்கார்ந்துவிடுவார்.

புதிய பதிப்பில் பெரிய கோளாறு தெரிந்தால், ஞாயிறு இரவுக்குள் வெள்ளிக்கிழமை எடுத்த பிரதிக்கே திரும்பிவிடுவது என்று குழு முடிவெடுக்கலாம். அப்படித் திரும்பினால் ஞாயிறு மாலை ஏற்றியதெல்லாம் போய்விடும். ஏற்றியவரோ ஏற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார், தாளில் "பதிந்தது" என்று டிக்கும் போட்டிருப்பார். அதனால் அறிவிப்பு வரும்வரை யாரும் எதையும் பதியக்கூடாது. பழைய பதிப்புக்கே திரும்பினாலும், புதிய பதிப்பு நின்றாலும் W புத்தகம் ஒன்றுதான், அதைப் பதியும் முறையும் ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை

கணினி திறப்பதற்கு முன்பே, ஏழு மணிக்கு, ரேக்கை எண்ணுங்கள். அட்டை தொங்கிய பொருட்களை மட்டும் எண்ணினால் போதும். உளுந்து ரேக்கில் 155 மூட்டை இருக்கவேண்டும் (320இலிருந்து சனிக்கிழமை 95, ஞாயிறு 70 கழித்து). மஞ்சள் கட்டத்தில் 60, சேத மூலையில் 4.

எட்டு மணிக்குக் கணினி திறக்கிறது. அந்த நிமிடம் கணினிக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை மாலைக் கணக்குதான்: 320 இருப்பு, 85 ஒதுக்கீடு, 235 விற்கலாம். வார இறுதியில் பேரங்காடியின் கணினி அனுப்பிய ஆர்டர்கள் வாசலில் வரிசையாக நிற்கின்றன. அவற்றை உடனே உள்ளே விட்டால், 150 மூட்டை கேட்கும் ஆர்டருக்கு "இருக்கிறது" என்று கணினி ஒப்புக்கொள்ளும். உண்மையில் நல்ல மூட்டை 215, அதில் 85 போக 130தான் மிச்சம். 20 மூட்டை குறையும், பேரங்காடிக்கு அது தாமதமாகத்தான் தெரியவரும். அதனால் வெளியிலிருந்து ஆர்டர் வரும் இணைப்புகளை, இணைய ஆர்டர் பக்கம் உட்பட, W புத்தகம் பதிந்து முடியும்வரை திறக்கவேண்டாம் என்று ஐடியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். இந்த வழிகாட்டியிலிருந்து ஒன்றே ஒன்றைச் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பதியும் வரிசை: முதலில் R புத்தகம், வந்த சரக்கு. அப்புறம் W புத்தகம், எண் வரிசையில். கடைசியில் சேதம். வெளியே போனதை முதலில் பதிந்தால், சில பொருட்களின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும். சில கணினிகள் அதை மறுத்துவிடும், மறுக்காதவை அடக்க விலையைக் குழப்பிவிடும். பின்னது தெரிய ஒரு மாதம் ஆகும் என்பதால் அதுதான் மோசம்.

ஒவ்வொரு பதிவிலும் வாடிக்கையாளர் குறிப்பு எண் என்ற கட்டத்தில் W எண்ணை அப்படியே தட்டச்சு செய்யுங்கள். `W001` என்றால் `W001`தான். `W1`, `W-001` என்றெல்லாம் வேண்டாம். சரக்கு போன தேதியாகச் சனி அல்லது ஞாயிறைப் போடவேண்டும். கணினி தானாகத் திங்கட்கிழமையை நிரப்பி வைத்திருக்கும், கவனிக்காமல் விட்டால் எல்லாம் திங்கட்கிழமை போனதாகிவிடும். விலைப்பட்டியலின் தேதி மட்டும் திங்கட்கிழமையாகவே இருக்கட்டும். W003க்கு 30 இல்லை, 26. அந்த 4 மூட்டையைச் சேதக் கணக்குக்கு மாற்றுவது தனிப் பதிவு.

இனி வருவதுதான் அதிகம் அடி வாங்கும் இடம். கணினியைப் பொறுத்தவரை நீங்கள் பதிவது புதிய ஆர்டர். அது தன் பாட்டுக்குக் கிடங்குப் பிரிண்டரில் சரக்கு எடுப்புத் தாளை அச்சிடும். அறிவிப்பைப் படிக்காத ஒருவர் அந்தத் தாளைப் பார்த்து 40 மூட்டை உளுந்தை எடுத்து லாரியில் ஏற்றிவிடுவார். கடைக்காரருக்கு ஒரே சரக்கு இரண்டாவது முறை போய்ச் சேரும். நல்ல மனிதராக இருந்தால் போன் செய்வார்.

கிடங்கில் இப்படித்தான் பேச்சு ஓடும்:

"அண்ணே, பிரிண்டர்ல தாள் வந்துக்கிட்டே இருக்கு. எடுக்கவா?"

"மேல W போட்டிருக்கா பாரு தம்பி."

"ஆமாண்ணே, எல்லாத்துலயும் இருக்கு."

"அப்ப ஒண்ணையும் தொடாத. எல்லாத்தையும் இந்த ட்ரேல போடு."

இதையும் தாண்டிப் பாதுகாப்பு வேண்டுமென்றால், பதிவு முடியும்வரை கிடங்குப் பிரிண்டரை அலுவலகப் பிரிண்டருக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். திரும்ப மாற்ற மறந்துவிடாதீர்கள், மறந்தால் பதினொரு மணிக்குக் கிடங்கில் வேலையே இல்லாமல் எல்லாரும் நின்றுகொண்டிருப்பார்கள்.

சரிபார்ப்பது

பதிந்தவரே சரிபார்க்கக்கூடாது, இன்னொருவர் பார்க்கவேண்டும். இரண்டு தவறுகளைத்தான் தேடுகிறோம்: விட்டுப்போனது, இரண்டு முறை ஏறியது.

விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை வரிசையாகப் புரட்டுங்கள். ஒவ்வொரு W எண்ணுக்கும் கணினி ஆவண எண் எழுதியிருக்கவேண்டும், அல்லது "ரத்து" என்றிருக்கவேண்டும். மூன்றாவது வகை இருக்கக்கூடாது.

இரண்டு முறை ஏறியதைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். அன்றைய டிஓ பட்டியலை எக்செலுக்கு எடுத்து, டிஓ ஒன்றுக்கு ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பு எண் B நெடுவரிசையில் இருந்தால், பக்கத்தில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIF(B:B,B2)
```

1 என்று வந்தால் சரி. 2 வந்தால் அந்த டிஓ இருமுறை பதிவானது. W எண்ணை ஒரே மாதிரி தட்டச்சு செய்யச் சொன்னதற்குக் காரணம் இதுதான், `W1`ஐயும் `W001`ஐயும் எக்செல் வெவ்வேறாகத்தான் பார்க்கும்.

கடைசியாக இருப்பு. உளுந்துக்குக் கணினி இப்போது 215 நல்ல மூட்டை, 4 சேதம் என்று காட்டவேண்டும். 320, கூட்டல் 60, கழித்தல் 161, அதாவது 219. காலையில் எண்ணியதும் அதேதான். கணினியில் 215க்குப் பதில் 211 என்று வந்தால், W003ஐ 30 என்றே பதிந்திருக்கிறார்கள் என்று யோசிக்காமலே சொல்லலாம். 155 வந்தால் R001 ஏறவில்லை. வித்தியாசம் எந்த டிஓவின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பதுதான் குறுக்குவழி. அதை விட்டுவிட்டு, "கணினி தப்பு, எண்ணிக்கை சரி" என்று இருப்பைத் திருத்தும் பதிவு போட்டால் அன்றைக்கு நிம்மதி, ஆனால் கடைக்காரருக்குப் போகவேண்டிய விலைப்பட்டியல் போகாமலே கிடக்கும்.

எல்லாம் ஒத்துப்போனதும் சூப்பர்வைசரும் கணக்குப் பிரிவும் கையெழுத்துப் போட்டு, "பதிவு முடிந்தது" என்ற செய்தி போகட்டும். பிறகு இணைப்புகளைத் திறந்து, பேரங்காடி ஆர்டர்களை உள்ளே விடலாம். இதற்குப் பதினொரு மணி ஆகும் என்று வாடிக்கையாளர்களிடம் முதல் அறிவிப்பின்போதே சொல்லி வைத்திருந்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

உள்ளே போகவே முடியவில்லை என்று அன்று காலை வரும் புகார்களில் பல, பழைய முகவரியைச் சேமித்து வைத்திருப்பதாலோ உலாவி பழைய பக்கத்தைக் காட்டுவதாலோ வருபவை. முகவரி மாறியிருந்தால் அதை வெள்ளிக்கிழமை செய்தியிலேயே கொடுங்கள். பக்கம் கோணல்மாணலாகத் தெரிந்தால் `Ctrl+F5` அழுத்தச் சொல்லுங்கள். ஸ்கேனர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் போட்டு, ஒரு மூட்டையை ஸ்கேன் செய்து பார்த்த பிறகே ஆட்களிடம் கொடுங்கள்.

W, R புத்தகங்களில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைக் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்துவிடுங்கள். மேசையில் கிடந்தால் அடுத்த மாதம் யாராவது அவசரத்துக்கு எடுத்து எழுதிவிடுவார்கள். பிறகு ரேக் அட்டைகள், வெள்ளிக்கிழமை ஸ்டாக் அறிக்கை, ரொக்க விற்பனைப் புத்தகம் ஆகியவற்றோடு சேர்த்துக் கட்டிக் கணக்குப் பிரிவில் ஒப்படையுங்கள். வணிக ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்ற விதி இந்தக் காகிதங்களுக்கும் பொருந்தும்.